தேயிலை மண்ணும் செவ்வரத்தம் பூச் சாறும்

அமிலங்களும் மூலங்களும் என்ற பாடத்துக்கு வரும்போது, செவ்வரத்தம் பூவையோ சிவப்புக் கோவாவையோ வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுக்கும் செய்கை இலங்கையின் விஞ்ஞான வகுப்புகளில் பழகிப்போன ஒன்று. தேசிக்காய்ப் புளியை விட்டால் சாறு சிவக்கும், சவர்க்கார நீரை விட்டால் பச்சையாகும். சிவந்தது அமிலம், பச்சையானது மூலம், மாறாதது நடுநிலை என்று மூன்று வரி அட்டவணையோடு பாடம் முடியும். ஆய்வுகூட வசதி குறைந்த தோட்டப் பாடசாலைகளுக்குப் பாசிச்சாயத்தாளுக்குப் பதிலாகக் கைகொடுக்கும் மலிவான மாற்று என்றே இதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரை சாற்றைக் குறைத்து மதிப்பிடுகிறது, அதோடு பிள்ளைகளைத் தவறான முடிவுக்கும் கொண்டுபோய் விடுகிறது. அக்கரப்பத்தனை போன்ற உயர்நிலத் தேயிலைப் பகுதியில் அந்த மூன்று வரி அட்டவணையை வைத்துக்கொண்டு காலடி மண்ணைச் சோதித்தால் பெரும்பாலும் பிழையான விடைதான் வரும். பூச்சாற்றைப் பாசிச்சாயத்தின் ஏழைத் தம்பியாக நடத்தாமல், அளவு குறிக்கப்பட வேண்டிய ஒரு கருவியாக நடத்தினால் மட்டுமே இந்தப் பாடம் பாடமாகும்.

சாற்றுக்கு நிறம் தருவது அந்தோசயனின் என்ற நிறப்பொருள் குடும்பம். 1664இல் றொபேட் பொயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் ஒரு சோதனை முறையாகவே முன்வைத்தார். காட்டிகளின் வரலாறு பூவிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அமிலம் சிவப்பு, மூலம் பச்சை என்ற இரு முனைகளுக்கு நடுவே நடப்பது அத்தனை நேரானதல்ல. கடும் அமிலத்தில் அந்தோசயனின் மூலக்கூறு நேரேற்றம் கொண்ட சிவப்பு வடிவில் இருக்கிறது. அமிலத்தன்மை குறையக் குறைய, நிறத்தைத் தாங்கும் நடு வளையத்தை நீர் மூலக்கூறு தாக்குகிறது. தாக்கப்பட்ட வடிவத்துக்கு நிறமே இல்லை. அமிலத்தன்மை இன்னும் குறைந்தால் எஞ்சிய மூலக்கூறுகள் ஊதாவும் நீலமுமான வடிவங்களை எடுக்கும். கடும் காரத்தில் வளையம் உடைந்து மஞ்சளாகும். நீலமும் மஞ்சளும் கலந்து தெரிவதையே நாம் பச்சை என்கிறோம். நின்றுவிட்ட சாறு முழு மஞ்சளானபின் அமிலம் ஊற்றினாலும் பழைய சிவப்பு முழுமையாகத் திரும்பாது.

செவ்வரத்தையும் சிவப்புக் கோவாவும் பிரிந்து நிற்பது இந்த நடுப்பகுதியில்தான். செவ்வரத்தையின் அந்தோசயனினில் சீனி மட்டுமே ஒட்டியிருக்கிறது. நீரின் தாக்குதலுக்கு அதனிடம் காப்பு இல்லை. ஆகவே பிஎச் 4 முதல் 6 வரையான பகுதியில் அதன் சாறு வெளிறிப்போகும். சிவப்புக் கோவாவின் அந்தோசயனினில் சீனியோடு சேர்ந்து சினப்பிக் அமிலம் போன்ற வளையக் கூறுகளும் ஒட்டியுள்ளன. அவை நிறம் தாங்கும் வளையத்தின்மேல் மடிந்து கிடந்து நீர் அணுகுவதைத் தடுக்கின்றன. அதனால் கோவாச் சாறு பிஎச் 2 அளவில் சிவப்பாகவும், 4 முதல் 6 வரை இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும், 7ஐ ஒட்டி நீல ஊதாவாகவும், 8இல் நீலமாகவும், 10ஐ நெருங்கும்போது நீலப்பச்சையாகவும், 12இல் பச்சை கலந்த மஞ்சளாகவும் தொடர்ந்து ஏதோ ஒரு நிறத்தைக் காட்டிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் எல்லாச் சாயமும் இப்படி இயங்குவதில்லை. நுவரெலியா மாவட்டத்தில் தாராளமாக விளையும் பீட்ரூட்டின் சாறு கோவாச் சாற்றைவிட எடுப்பான நிறமுடையது. ஆனால் அதில் இருப்பது பீட்டாலைன் என்ற வேறு குடும்பம். தேசிக்காய்க்கும் அப்பச்சோடாவுக்கும் அது பெரிதாக அசையாது, கடும் காரத்தில் மட்டும் மஞ்சளாகும். நிறம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு சாறு காட்டியாகிவிடாது.

இனி அக்கரப்பத்தனையின் மண்ணுக்கு வருவோம். தேயிலைக்கு உகந்த மண் பிஎச் ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. உயர்நிலத்தின் கனத்த மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. கொழுந்துக்காக இடும் யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணின் அமிலத்தன்மையை மேலும் கூட்டுகின்றன. இந்தச் சரிவைத் திருத்தவே கவ்வாத்து வெட்டும் காலத்தை ஒட்டி டொலமைட் தூவப்படுகிறது. ஆகத் தேயிலை மலையின் மண் தெளிவான அமில மண். இப்போது அந்த மண்ணை நீரில் கலக்கி, தெளிந்த நீரில் செவ்வரத்தம் பூச் சாற்றை விட்டால் என்ன தெரியும்? சிவப்பு தெரியாது. மண்ணின் பிஎச் விழுவது சாறு வெளிறும் பகுதியில். மங்கிய, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்தைப் பார்க்கும் மாணவர் அட்டவணையைப் பார்த்து ‘மாற்றமில்லை, நடுநிலை’ என்று எழுதுவார். அவர் செய்கையில் குறையில்லை. குறை அட்டவணையில் இருக்கிறது.

கோவாச் சாறு இந்தப் பொறியிலிருந்து தப்புகிறது என்றாலும் அதற்கும் ஒரு கண்ணி உண்டு. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிப்படுகிறது. மலையகத்து வீட்டு வாசல்களிலும் பங்களாத் தோட்டங்களிலும் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பது இதனால்தான். அமில மண்ணிலிருந்து அந்தச் செடி உறிஞ்சும் அலுமினியம் இதழின் அந்தோசயனினோடு பிணைந்து நீலத்தைத் தருகிறது. பாசிச்சாயத்தின் விதிக்கு இது நேர் எதிர்: அங்கே அமிலம் சிவப்பு, இங்கே அமில மண் நீலப்பூ. இந்தக் குழப்பம் அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. தாவர நிறப்பொருள் ஆய்வுக்காக 1915இல் நோபல் பரிசு பெற்ற றிச்சாட் வில்ஸ்ரேற்றர், சிவப்பு ரோசாவிலும் நீலக் கோர்ன்பிளவர் பூவிலும் இருப்பது ஒரே அந்தோசயனின் என்று கண்டார். நிற வேறுபாட்டுக்குக் கலச்சாற்றின் அமிலத்தன்மையே காரணம் என்று விளக்கினார். முதற்பாதி சரி. மறுபாதியைப் பின்வந்த ஆய்வுகள் மாற்றி எழுதின: கோர்ன்பிளவரின் நீலத்துக்கு இரும்பும் மக்னீசியமும் பிணைந்த ஒரு பெருங்கூட்டமைப்பே காரணம் என்று தெளிவாயிற்று. கோவாவின் அந்தோசயனினும் அலுமினியத்தோடு பிணையக்கூடிய அமைப்புடையதே. ஆகத் தேயிலை மண்ணின் வடிதிரவத்தில் அலுமினியம் போதிய அளவில் கரைந்திருந்தால், கோவாச் சாறு உள்ளபடி இருப்பதைவிடக் கூடுதலாக நீலம் காட்டக்கூடும். மாணவர் அதை நடுநிலையென்றோ மூலமென்றோ வாசித்துவிடுவார். வகுப்பிலேயே இதைக் காட்டலாம். படிகாரம் ஓர் அலுமினிய உப்பு. அதன் கரைசல் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும். அதே கரைசலில் கோவாச் சாற்றை விட்டால், அதற்கு நிகரான அமிலத்தன்மையுள்ள வினாகிரிக் கரைசலில் தெரிவதைவிட நீலச் சாயல் கூடித் தெரியும். பாசிச்சாயம் ஒன்றைச் சொல்ல, சாறு இன்னொன்றைச் சொன்னால், நடுவே ஓர் உலோகம் புகுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இந்தப் பிழைகளுக்குப் பரிகாரம், தெரிந்த பெறுமானமுள்ள கரைசல்களோடு ஒப்பிட்டு வாசிப்பது. சாற்றின் நிறத்தை நினைவில் உள்ள ஒரு பெயரோடு ஒப்பிடக் கூடாது, பக்கத்துக் குழாயில் நிற்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படியானால் பிஎச் மானி இல்லாத பாடசாலை தெரிந்த பெறுமானங்களுக்கு எங்கே போவது என்பதே முதல் ஆட்சேபமாக எழும். பொதுவாகச் சொல்லப்படும் வழி, வினாகிரியைப் பத்து மடங்கு பத்து மடங்காக ஐதாக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஎச் கூடுவதாகக் கொள்வது. இது பிழை. ஐதரோகுளோரிக் அமிலம் போன்ற வன்னமிலத்துக்குத்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். அசற்றிக் அமிலம் மென்னமிலம். பத்து மடங்கு ஐதாக்கினால் அதன் பிஎச் ஏறத்தாழ 0.5 மட்டுமே கூடும், ஏனென்றால் ஐதாகும்போது மூலக்கூறுகளில் கூடிய பங்கு பிரிகையடைந்து குறைவை ஓரளவு ஈடுசெய்கிறது. இந்தக் கணக்கை நம்பிக் குழாய்களுக்கு எண் ஒட்டினால் அளவுகோலே பொய்யாகிவிடும்.

ஐதாக்கினாலும் தராசு சற்றுத் தவறினாலும் அதிகம் அசையாத சில நிலைப்புள்ளிகள் சமையலறையிலேயே இருக்கின்றன என்பது பலரும் கவனிக்காத உண்மை. அவற்றில் மிக அழகானது பாதி நடுநிலையாக்கிய வினாகிரி. நிறமற்ற வினாகிரியில் சம அளவாக இரண்டு பங்கு எடுக்க வேண்டும். ஒரு பங்கில் அப்பச்சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரைத்தல் அடங்கும் கட்டத்தில் நிறுத்தி, லேசாகச் சூடாக்கிக் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டை வெளியேற்றி, ஆறவிட வேண்டும். அது இப்போது சோடியம் அசற்றேற்றுக் கரைசல். இதைத் தொடாத மற்றப் பங்கோடு கலந்தால் அமிலமும் அதன் உப்பும் சம அளவில் நிற்கும். அந்த நிலையில் பிஎச் பெறுமானத்தைத் தீர்மானிப்பது அசற்றிக் அமிலத்தின் பிரிகை மாறிலி மட்டுமே. பத்து மடங்கு நீர் சேர்த்தபின் அது ஏறத்தாழ 4.7இல் நிற்கும். வினாகிரியின் செறிவு போத்தலில் எழுதியபடி இருக்கிறதா என்ற கவலையும் இல்லை, ஏனென்றால் இரு பங்கும் ஒரே போத்தலிலிருந்து வந்தவை. நுரை அடங்கியது தெரியாமல் சோடா கால் பங்கு கூடிவிட்டால் என்னாகும்? கலந்தபின் உப்பு 1.25 பங்கும் அமிலம் 0.75 பங்கும் இருக்கும். அந்த விகிதத்தின் மடக்கை 0.22. எனவே 4.7 என்பது 4.9 ஆகும், அவ்வளவே. கைத்தவறைத் தாங்கும் இந்தக் குணமே தாங்கற் கரைசல் என்ற கருத்தின் உயிர். உயர்தர வகுப்பில் சூத்திரமாக வந்து பயமுறுத்துவதை இங்கே ஒரு குழாயில் காணலாம்.

இதே இரண்டு கரைசல்களைக் கொண்டு தேயிலைக்குரிய முழு வீச்சையும் அமைக்கலாம். சோடா போட்ட பங்கில் இரண்டும் தொடாத வினாகிரியில் மூன்றும் கலந்தால் ஏறத்தாழ 4.5, ஆறுக்கு ஒன்று கலந்தால் ஏறத்தாழ 5.5. மூலப் பக்கத்துக்கு அப்பச்சோடாக் கரைசலே போதும். சூடாக்காமல் புதிதாகக் கரைத்தால் அதன் பிஎச் செறிவைப் பொறுத்து அதிகம் மாறாமல் 8.3ஐ ஒட்டி நிற்கும், கொதிக்க வைத்தால் காபனேற்றாக மாறி மேலேறிவிடும். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவிட்டு மேல்நீரை எடுத்தால் அது நிரம்பற் கரைசல். அடியில் சுண்ணாம்பு எஞ்சியிருக்கும்வரை அதன் பிஎச் 12.4ஐ ஒட்டியே இருக்கும். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அந்தக் குழாயை ஆசிரியரே நிரப்ப வேண்டும். 5.5க்கும் 8.3க்கும் இடையில் ஓர் இடைவெளி கிடக்கிறது, அதைச் சமையலறைப் பொருள்களால் நம்பகமாக நிரப்ப முடியாது. காய்ச்சிய நீரை 7 என்று வைத்துக்கொள்வது வழக்கம். தாங்கும் சக்தி இல்லாத நீர், காற்றின் காபனீரொட்சைட்டுக்கும் குழாயில் ஒட்டிய சவர்க்காரத்துக்கும் ஏற்ப ஆடும். அதை நிலைப்புள்ளியாகக் கொள்ளலாகாது.

சாறு தயாரிப்பில் பெரிய நுணுக்கம் ஒன்றுமில்லை. நறுக்கிய சிவப்புக் கோவா 100 கிராமுக்கு 250 மில்லிலீற்றர் சுடுநீர் விட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும். செவ்வரத்தையானால் காம்பையும் புல்லியையும் நீக்கி இதழை மட்டும் எடுக்க வேண்டும், வழவழப்பு இறங்குவதால் துணியில் வடிக்க வேண்டும். கவனம் தேவைப்படுவது சாற்றின் அளவில். சாறு கெடாமலும் நிறம் மங்காமலும் இருக்கச் சிலர் தேசிக்காய்ப் புளி சேர்ப்பார்கள். அப்படிச் செய்த சாறு தானே ஓர் அமிலம். வினாகிரியோ சுண்ணாம்பு நீரோ அதைப் பொருட்படுத்தாது. ஆற்று நீரும் மண் வடிதிரவமும் அப்படியல்ல. அவற்றின் தாங்கும் சக்தி மிகக் குறைவு. தாராளமாக ஊற்றிய சாறு அங்கே மண்ணின் பிஎச்சைக் காட்டாது, தன் பிஎச்சையே காட்டும். எனவே புளி சேர்க்காத சாற்றை, எல்லாக் குழாய்க்கும் 10 மில்லிலீற்றருக்கு ஐந்து துளி என்று ஒரே கணக்கில் விட வேண்டும். சாறு இரண்டு மூன்று நாளில் புளிக்கத் தொடங்கும். 8.3 குழாயில் அது முதல் நாள் காட்டிய நீலத்தைக் காட்டவில்லையென்றால் கொட்டிவிட வேண்டும்.

மண்ணைச் சோதிக்க, காயவைத்துச் சலித்த மண் ஒரு பங்குக்கு வடித்த நீர் இரண்டரைப் பங்கு சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, தெளிவை வடிதாளில் வடிக்க வேண்டும். கலங்கலில் நேரடியாகச் சாற்றை விடக் கூடாது. களித் துகள்கள் நிறப்பொருளை உறிஞ்சிக்கொண்டு அடியில் படிந்துவிடும். தேயிலை மண்ணின் வடிதிரவம் பெரும்பாலும் இளமஞ்சளாக இருக்கும், அந்த மஞ்சள் ஊதாவோடு கலந்து கண்ணை ஏமாற்றும். அதற்கு ஓர் எளிய ஈடு உண்டு: ஒப்பிடும் குழாய்க்குப் பின்னால் சாறு விடாத வடிதிரவக் குழாயொன்றை நிறுத்தி, இரண்டின் ஊடாகவும் பார்க்க வேண்டும். இப்போது இரு பக்கமும் ஒரே மஞ்சள் இருப்பதால் வேறுபாடு பிஎச் சார்ந்ததாக மட்டும் மிஞ்சும். தேயிலை மலையிலிருந்து ஒரு மாதிரி, லயத்துப் பக்கத்து மரக்கறிப் பாத்தியிலிருந்து ஒரு மாதிரி என்று இரண்டை ஒப்பிடுவது நல்ல தேர்வு. கோவாவும் பீட்ரூட்டும் பிஎச் 6க்கு மேற்பட்ட மண்ணை விரும்புவதால் அங்கே சாம்பலோ சுண்ணாம்போ சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிச் சேர்ந்திருந்தால் தேயிலை மண் 4.5, 5.5 குழாய்களின் இளஞ்சிவப்பு ஊதாவுக்கு அருகிலும், பாத்தி மண் 5.5க்கும் 8.3க்கும் இடைப்பட்ட நீல ஊதாவிலும் நிற்கும். இரண்டையும் பாசிச்சாயத்தாளாலும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் அலுமினியத்தின் ஏமாற்றும் பிடிபடும்.

இவ்வளவு சிரமம் ஏன், பிஎச் தாள் ஒரு சுருள் வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். பெறுமானம் ஒன்றே நோக்கமானால் தாள்தான் மேல், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாளோடு வரும் வண்ண அட்டையை யாரோ இப்படித்தான், தெரிந்த கரைசல்களில் தோய்த்து உருவாக்கியிருக்கிறார்கள். அந்த வேலையை ஒருமுறை தம் கையால் செய்த மாணவருக்கு, அட்டையில் அச்சிட்ட எண் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். பரீட்சையில் வருவது பினோல்ப்தலீனும் மெதைல் செம்மஞ்சளுமே, பூச்சாறு அல்ல என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வலுப்பார்த்தலுக்குப் பூச்சாறு உதவாது என்பதும் உண்மை, நிறம் படிப்படியாக நகர்வதால் முடிவுப்புள்ளியை ஒரு துளியில் பிடிக்க முடியாது. ஆனால் பினோல்ப்தலீன் 8.2க்கும் 10க்கும் இடையிலும், மெதைல் செம்மஞ்சள் 3.1க்கும் 4.4க்கும் இடையிலும் மாறுவது ஏன் ஒரு சிறப்பு என்பது, எங்கும் மாறிக்கொண்டே போகும் ஒரு காட்டியோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் விளங்கும். அந்த எண்களை மனனம் செய்யவும் தேவை இராது. வினாகிரிக்குச் சோடியம் ஐதரொட்சைட்டை விட்டு வலுப்பார்க்கும்போது மெதைல் செம்மஞ்சள் ஏன் ஆகாது என்ற கேள்விக்கு 4.7 குழாயே விடை சொல்லும்: அமிலத்தின் பாதி எஞ்சியிருக்கும்போதே மெதைல் செம்மஞ்சள் மஞ்சளாகிவிடும்.

மூன்றாவது ஆட்சேபம் தோட்டத்திலிருந்தே வரக்கூடியது: இந்தச் சாற்றை வைத்து டொலமைட் போடலாமா வேண்டாமா என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த முடிவு பிஎச் 4.3க்கும் 4.7க்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. கோவாச் சாறு மிகக் குறைவாக நிறம் மாறும் பகுதியும் அதுவே. 4.5, 4.7 என்ற இரு குழாய்களையும் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலான கண்களுக்கு வேறுபாடு தெரியாது, 4.5க்கும் 5.5க்கும் இடையில்கூட மெலிதாகவே தெரியும். இதை மாணவர் தாமே கண்டுகொள்வதைப் பாடத்தின் தோல்வியாக எண்ண வேண்டாம். அவர் எழுதும் அறிக்கையில் ‘தேயிலை மண் அமிலமானது, பிஎச் 4க்கும் 6க்கும் இடையில், இதற்குமேல் இந்தச் சாற்றால் சொல்ல இயலாது’ என்ற வரி இடம்பெற்றால் அதற்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிவப்பு, பச்சை, மாற்றமில்லை என்ற அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், வினாகிரியின் இரு பங்குகளையும் சோடாவையும் சுண்ணாம்பு நீரையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். டொலமைட்டைத் தீர்மானிக்கத் தேவைப்படும் அளவீட்டுக்கு மண் மாதிரியை ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் அக்கரப்பத்தனைக்கு அருகே தலவாக்கலையில் இருக்கிறது.